பின்னணிச் சின்னமும் காணாமல் போகும் புள்ளியும்

அரசுக் கடிதத்தைப் போனில் படம் எடுத்து, கூகுள் லென்ஸில் எழுத்தாக மாற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். தாளின் நடுவில் வெளிறிய நிறத்தில் கோபுரச் சின்னம் இருக்கும். சில தாள்களில் அலுவலகப் பெயரே பொடி எழுத்தில் வரிசை வரிசையாக ஓடும். நம் கண் அதை ஒதுக்கிவிடும். மென்பொருள் ஒதுக்காது, அதையும் எழுத்தா என்று பார்க்கும்.

எங்கள் தெருவில் ஓர் அம்மாவின் குடும்ப ஓய்வூதிய ஆணை அப்படித்தான் ஆனது. மேல்முறையீட்டு மனுவில் சேர்க்க, நிலுவைத் தொகையும் ஆணை எண்ணும் வேண்டும். லென்ஸ் கொடுத்தது ரூ.18,450. கீழே எழுத்தால் 'பதிமூன்றாயிரத்து நானூற்று ஐம்பது' என்றிருந்தது. பின்னணிக் கோபுரத்தின் வளைவு ஒன்று 3-இன் திறந்த பக்கத்தை மூடி அதை 8 ஆக்கிவிட்டது. தொகையை எழுத்தோடு ஒப்பிடலாம், ஆணை எண்ணுக்கு அந்த வசதி கிடையாது. "சார், மனு திரும்பி வந்துட்டா என்ன பண்றது?" என்று அவர் கேட்டது நியாயம்தான்.

முதலில் படத்தைத் திரும்ப எடுத்தோம். பிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், தாளுக்கு அடியில் ஒரு கறுப்புச் சார்ட் அட்டை வைத்து. அட்டை இருந்தால் பின்பக்க அச்சு முன்னால் தெரியாது.

அடுத்தது நிறம். சின்னம் வெளிர் நீலம், எழுத்து கறுப்பு. படத்தின் நீலப் பகுதியை மட்டும் தனியே எடுத்தால் நீலச் சின்னம் வெள்ளைத் தாளோடு கலந்துவிடும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். கணினியில் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் Colors > Components > Extract Component போய் RGB Blue தேர்ந்தெடுக்க வேண்டும். சின்னம் இளஞ்சிவப்பாக இருந்தால் RGB Red. வெறும் சாம்பல் நிறமென்றால் இந்த வழி உதவாது.

மிச்சத்தை Colors > Threshold பார்த்துக்கொள்ளும். அளவைக் குறைக்கக் குறைய வெளிறியவை வெள்ளையாகிவிடும். ஆனால் தமிழுக்கு இங்கேதான் ஆபத்து. புள்ளி மிகச் சிறியது, பழைய பிரிண்டரில் மங்கலாகவும் இருக்கும். சின்னம் முழுக்கப் போகட்டும் என்று இழுத்தால் புள்ளியும் கூடவே போய், 'வழங்கப்பட்டது' என்பது 'வழஙகபபடடது' ஆகிவிடும். எனவே சின்னம் துண்டு துண்டாக உடைந்ததும் நிறுத்திவிட வேண்டும். அங்கங்கே தூசி போல மிஞ்சினால் மிஞ்சட்டும், புள்ளி முக்கியம்.

இப்படிச் செய்ததும் தொகை சரியாக வந்தது. ஆணை எண்ணை மட்டும் மூலப் படத்தைப் பெரிதாக்கி, நான் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல அவர் சரிபார்த்தார். 3, 8, 6, 0 வரும் இடங்களில் இரண்டு முறை.

இன்னொன்று. சில தாள்களில் பின்னணியில் 'நகல்' என்றோ 'ரத்து' என்றோ குறுக்காக இருக்கும். எழுத்தாக்கும்போது அதை நீக்கினாலும், தட்டச்சு செய்த தாளின் தலைப்பில் அதைக் குறித்துவிடுங்கள். மூலப் படத்தையும் அழிக்காதீர்கள்.