பொசிஷன் சொல்லாத இன்டர்வியூ

"உங்க புரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆயிருக்கு, வியாழக்கிழமை 11 மணிக்கு ஒரு டிஸ்கஷன்." சென்ற மாதம் எனக்கு வந்த அழைப்பு இவ்வளவுதான். ஆறு வருடம் பேக்எண்டில் இருப்பவனை சீனியர் டெவலப்பராகவும் கூப்பிடலாம், லீடாகவும் கூப்பிடலாம். இரண்டுக்கும் படிக்க வேண்டியது வேறு, சம்பளமும் வேறு.

முதலில் காலண்டர் இன்வைட்டைப் பார்த்தேன். அரை மணி நேரம், ஹெச்.ஆர். மட்டும் என்றால் பெரும்பாலும் நோட்டீஸ் பீரியட், சம்பள எதிர்பார்ப்போடு முடிந்துவிடும். எனக்கு வந்தது ஒரு மணி நேரம், ஹெச்.ஆரோடு இன்னொரு பெயரும் இருந்தது. லிங்க்டுஇன்னில் தேடினால் அவர் இன்ஜினியரிங் மேனேஜர். வெறும் மீட்டிங் லிங்க்தான், கோடு எழுதும் தளத்தின் லிங்க் இல்லை. ஆனாலும் ஸ்கிரீன் ஷேர் பண்ணி எழுதச் சொல்லலாம்.

அதனால் திருப்பி அழைத்தேன். "என்ன ரோல்?" என்று கேட்டால் "பேக்எண்ட் சார்" என்றுதான் பதில் வரும். "இந்த ரவுண்ட்ல கோடிங் உண்டா மேடம்? லேப்டாப்ப அதுக்கு ரெடி பண்ணணும்" என்றேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். "யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும்?" என்றதற்கு உடனே பதில் வந்தது: "டைரக்டருக்கு." மேனேஜர் பேட்டி எடுக்கிறார், ரிப்போர்ட்டிங் டைரக்டருக்கு என்றால் லீட் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கேட்டார். "லெவல் தெரிஞ்சதும் சொல்றேன்" என்றேன். அங்கே சீனியருக்கான எண்ணைச் சொல்லிவிட்டால், பிறகு லீட் வேலைக்கே எடுத்தாலும் பேரம் அந்த எண்ணிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஊகம் தப்பலாம். அதனால் புதிதாக எதையும் படிக்காமல், நான் செய்த ஒரே வேலையை மூன்று ஆழத்தில் சொல்லிப் பழகினேன். பணம் கட்டும் பட்டனை வாடிக்கையாளர் இரண்டு முறை அழுத்தினால் இரண்டு முறை பணம் போய்க்கொண்டிருந்தது. கோடு மட்டத்தில் பதில் எளிது: ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் ஒரு தனி எண், எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண், டேபிளில் அந்த எண்ணுக்கு யுனீக் கட்டுப்பாடு, இரண்டாவது கோரிக்கை அங்கேயே நின்றுவிடும். டிசைன் மட்டத்தில் கேள்வி வேறு. பணம் போய்விட்டது, ஆனால் கேட்வேயின் பதில் வரும் வழியில் டைம்அவுட் ஆகிவிட்டது என்றால்? மறுபடி முயல்வதற்கு முன் அந்த எண்ணை வைத்துக் கேட்வேயிடமே நிலையை விசாரிக்க வேண்டும். லீட் மட்டத்தில், அந்த எண்ணை அனுப்பத் தெரியாத பழைய ஆப் வெர்ஷன்களை என்ன செய்தோம், மொபைல் டீமை எப்படிச் சம்மதிக்க வைத்தோம் என்பது.

எந்த ஆழம் வேண்டும் என்பதை எதிராளியின் முதல் குறுக்குக் கேள்வியே காட்டிவிடும். "டேபிள் எப்படி இருந்துச்சு?" என்றால் கோடு. "யார் ஒத்துக்கல?" என்றால் லீட்.

அல்காரிதம் புதிர் வந்தால் இது உதவாது. அதற்காக மூன்று மாலைகளை ஒதுக்கினேன், அரேயும் ஹேஷ் மேப்பும் மட்டும்.

வியாழக்கிழமை மேனேஜர் கேட்ட முதல் குறுக்குக் கேள்வி மொபைல் டீமைப் பற்றியது. கோடிங் உண்டா என்று விசாரித்துச் சொல்வதாகச் சொன்ன மேடம் இன்னும் சொல்லவில்லை.