நண்பருக்கு வேலை ஒப்படைத்தல்

நேற்றுவரை உங்களோடு ஒரே மேசையில் தேநீர் அருந்தியவர்களுக்கு இன்று நீங்கள் தலைவரானால் என்ன செய்வீர்கள்?

பாடசாலையில் பகுதித் தலைவரான முதல் தவணையில் நான் தவறினேன். தரம் 9 இஸ்லாம் வினாத்தாளை நண்பரொருவரிடம், "நேரமிருந்தால் பாருங்க மௌலவி" என்று கூச்சத்தோடு ஒப்படைத்தேன். திகதி குறிப்பிடவில்லை. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பே தாள் வந்தது. படிப்பிக்காத பாடங்களிலும் வினாக்கள் இருந்தன. இரவோடிரவாக நானே மாற்றி எழுதினேன். "இனி நீங்களே செய்யுங்க" என்றார் அவர்.

அடுத்த தவணையில் மன்னிப்புக் கேட்டு, அவரிடமே சென்றேன். எந்தப் பாடங்கள், எத்தனை வினாக்கள், எந்தத் திகதி என்பவற்றை இருவரும் பேசி எழுதிக்கொண்டோம். வினாக்களைத் தெரிவது அவர் உரிமை; முதல் பத்தை மட்டும் ஒரு வாரத்தில் எனக்குக் காட்ட வேண்டும். அவற்றில் இரண்டு வினாக்களுக்கு இரண்டு விடைகள் பொருந்தின. நான் பேனையை அவற்றில் வைக்கவில்லை. காரணத்தை ஓரத்தில் குறித்து அவரிடமே கொடுத்தேன். அவரே திருத்தினார்.

தாள் உரிய நாளில் வந்தது. அதில் பிழை இருந்தால் அதிபருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நானே. வேலையைக் கொடுக்கலாம், அந்தப் பொறுப்பைக் கொடுக்க முடியாது.