8 நாள், 5 நாள்

மாதத்தில் 8 நாள் ஒற்றைத் தலைவலி. பீளமேட்டு வீட்டில் கதவைச் சாத்தி இருட்டில் படுத்தால், "அம்மிணிக்கு மறுபடியும் தலைவலியாக்கும்" என்று கூடத்தில் பேச்சு கேட்கும்.

நரம்பியல் மருத்துவர் ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின், தினம் 400 மில்லிகிராம் எழுதினார். நான் அதுவரை விழுங்கிய பி காம்ப்ளெக்ஸில் இருந்தது வெறும் 10 மில்லிகிராம். அளவு மாறியதும் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளானது, பயப்பட ஒன்றுமில்லை. கூடவே மக்னீசியம். வயிறு இளகியதால் அதன் அளவைக் குறைத்தார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

1998இல் வெளியான பெல்ஜிய ஆய்வில் 55 பேர். மூன்று மாதத்தில் ரிபோஃப்ளேவின் எடுத்தவர்களில் 59 சதவீதத்தினருக்குத் தலைவலி நாட்கள் பாதியாவது குறைந்தன. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதத்தினருக்கு. சிறிய ஆய்வுதான். வந்துவிட்ட வலியை இம்மாத்திரை நிறுத்தவும் செய்யாது.

நாட்காட்டியில் வலித்த நாட்களை வட்டமிட்டேன். முதல் மாதம் 8, அடுத்து 7, மூன்றாவது மாதம் 5. முதல் மாதத்தோடு நிறுத்தியிருந்தால் பலனில்லை என்றே சொல்லியிருப்பேன்.

மிச்சமுள்ள 5 நாளும் கதவைச் சாத்துகிறேன். கூடத்துக்குப் பதில் சொல்ல இப்போது நாட்காட்டி இருக்கிறது.