பத்து மணிச் செய்தி

சென்ற ஆண்டு எங்கள் வாப்பாவுக்கு மாரடைப்பு வந்து, திருநெல்வேலியில் ஸ்டென்ட் பொருத்தினார்கள். உம்மா வஃபாத்தான பின்பு காயல்பட்டினத்து வீட்டில் வாப்பா தனியாகத்தான் இருக்கிறார். காக்கா துபையில், ராத்தா கோயம்புத்தூரில், இளையவன் சென்னையில். எங்களுள் யாருடனும் வந்திருக்க அவர் இசையவில்லை. ஊரையும் பள்ளியையும் விட்டு வரமாட்டேன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் மருத்துவர் எங்களை அழைத்து வைத்துச் சொன்னது ஒன்றுதான்: மற்ற மாத்திரைகள் ஒருவேளை தவறினால் சமாளிக்கலாம், இரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு மாத்திரைகளை மட்டும் தவறவிடக் கூடாது. ஸ்டென்ட் என்பது நுண்ணிய உலோக வலை. இரத்தக் குழாயின் உட்சவ்வு வளர்ந்து அதன்மேல் படரும் வரையில், இரத்தத்தின் தட்டணுக்கள் அந்த வலையை அந்நியப் பொருளாகக் கண்டு அதில் ஒட்டிக்கொள்ள முயலும். அவ்வாறு கட்டி உருவானால் குழாய் திடீரென்று முழுவதும் அடைபடும். அதனாலேயே மாரடைப்புக்குப்பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டுக் காலம் இரு மாத்திரைகள் தருகிறார்கள். வாப்பாவுக்கு ஆஸ்பிரினும் டிகாக்ரெலோரும் எழுதியிருந்தார்கள். டிகாக்ரெலோர் தட்டணுவைப் பற்றியும் விடும் இயல்புடையது. எனவே நாளுக்கு இரு வேளை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் அதை எடுத்தாக வேண்டும்.

வாப்பாவின் கைப்பேசியில் ஒரு மருந்து நினைவூட்டல் செயலியை இளையவன் நிறுவினான். முதலில் மெல்லிய ஓசையுடன் ஓர் அறிவிப்பு வரும். பதில் இல்லையெனில் சிறிது நேரங்கழித்து அது மறுபடி வரும். அதற்கும் பதில் இல்லையெனில் பொத்தானை அழுத்தும் வரை நில்லாத அலாரம் ஒலிக்கும். அதையும் கவனியாவிட்டால், முன்னரே தெரிவு செய்து வைத்த ஒருவரின் கைப்பேசிக்கு, இன்னார் மாத்திரை எடுக்கவில்லை என்று செய்தி போகும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. ஆனால் முதல் மாதத்தில் நாங்கள் செய்த தவறுகள் சிறியவை அல்ல.

நேரத்தைக் காலை எட்டு, இரவு எட்டு என வைத்தோம். இரவு எட்டு மணி எங்கள் மஹல்லாவில் இஷா ஜமாஅத் நடக்கும் நேரம் என்பது ஊரைவிட்டு வந்து நெடுநாளான எங்கள் மூவருக்கும் உடனே தோன்றவில்லை. பள்ளிக்குள் நுழையும்போதே வாப்பா கைப்பேசியை ஓசையடக்கி விடுவார். மெல்லிய அறிவிப்புகள் இரண்டும் சட்டைப்பையிலேயே அடங்கிப் போயின. ஆனால் பெரும்பாலான கைப்பேசிகளில் ஓசையை அடக்கினாலும் அலாரம் அடங்குவதில்லை. இரண்டும் தனித்தனி ஒலி அமைப்புகள். ஆக, மென்மையாக நினைவூட்ட வேண்டிய கட்டங்கள் ஊமையாகி, கடைசிக் கடுமை மட்டும் வித்ரு தொழுகையின் நடுவே முழக்கமிட்டது. இரண்டாம் நாளும் அப்படியே ஆனதும், பள்ளியில் தலைகுனிய வைத்துவிட்டீர்கள் என்று வாப்பா கோபித்தார். நியாயமான கோபம். மூன்றாம் நாள் கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

கடைசிச் செய்தி யாருக்குப் போக வேண்டும் என்பதிலும் பிழை செய்தோம். எங்கள் மூவர் பெயரையும் போட்டிருந்தோம். செய்தி வந்த அன்று மூவரும் ஒரே நேரத்தில் அழைத்தோம். வாப்பாவுக்கு ஐந்து நிமிடத்தில் மூன்று விசாரணை. அதற்கடுத்த முறை, மற்ற இருவரில் ஒருவர் அழைத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு எவரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தாலுந்தான் என்ன? பதில் வராவிட்டால் துபையிலிருந்து காக்காவால் கதவைத் தட்ட முடியுமா?

அப்போதுதான், நீங்களே ஒருவரைச் சொல்லுங்கள் வாப்பா என்று கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. அடுத்த தெருவிலிருக்கும் தம் பள்ளிப் பருவத் தோழரைச் சொன்னார். நாங்கள் சாச்சா என்று அழைப்பவர். எங்களிடம் சொல்லாததையும் வாப்பா அவரிடம் சொல்வார் என்பது உம்மா இருந்த காலத்திலேயே வீட்டில் தெரிந்த செய்தி. வீட்டின் இரண்டாவது சாவியைச் சாச்சாவிடம் கொடுத்தோம்.

அதன்பின் நேரங்களை முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டோம். ஓரிரு மணி நேரத் தாமதத்தால் கேடில்லை, ஆனால் ஒரு வேளை முற்றிலும் தவறிவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக எடுக்கக் கூடாது, வழக்கமான ஒன்றையே எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். சாச்சா இரவு பத்தரைக்கு உறங்கிவிடுவார். எனவே அவருக்குப் போகும் செய்தி பத்து மணிக்கு மேல் தள்ளக் கூடாது. இஷா முடிந்து, உண்டு முடிக்க ஒன்பதாகும். ஆகவே ஒன்பதுக்கு மெல்லோசை, ஒன்பதேகாலுக்கு மறுபடி, ஒன்பதரைக்கு அலாரம், பத்துக்குச் சாச்சா. காலையிலும் ஒன்பதுக்கே தொடங்கும்படி வைத்தோம். தொலைவிலிருக்கும் எங்கள் அச்சத்தை அளவுகோலாகக் கொண்டிருந்தால் பத்து நிமிடத்திலேயே சாச்சாவை எழுப்பியிருப்போம். அப்படிச் செய்திருந்தால் ஒரு வாரத்தில் இருவருமே சலித்திருப்பார்கள்.

செய்தி வந்தால் செய்ய வேண்டியதைச் சாச்சாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். முதலில் தொலைபேசியில் அழைக்க வேண்டும். எடுக்காவிட்டால் நேரில் போக வேண்டும். நெஞ்சு வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் எங்களைத் தேடாமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இவ்வளவே.

ஏறத்தாழ இரண்டு மாதம் எவ்விதச் செய்தியும் போகவில்லை. பின்னர் ஒரு செவ்வாய் இரவு பத்து மணிக்குப் போயிற்று. சாச்சா அழைத்தார், வாப்பா எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் சாவியோடு வந்து திறந்தபோது, வாப்பா முன்கூடத்துச் சாய்வு நாற்காலியில் விழித்தபடி உட்கார்ந்திருந்தாராம். கைப்பேசி படுக்கையறையில் அடித்து ஓய்ந்திருந்தது.

மறந்துவிட்டாயா என்று சாச்சா கேட்டிருக்கிறார். மறக்கவில்லை என்றார் வாப்பா. மாத்திரை எடுத்தபின் மூச்சு முழுவதுமாக உள்ளே போகாதது போலிருக்கிறது, சும்மா உட்கார்ந்திருக்கையிலேயே அப்படித்தான், இரவில் படுத்தால் அச்சமாக இருக்கிறது, அதனால் இரவு மாத்திரையை மட்டும் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகளிடம் சொன்னால் மூவரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள் என்று மறைத்தாராம்.

அது முதல் இரவன்று, மூன்றாம் இரவு. செயலியில் ‘எடுத்தேன்’ என்ற பொத்தானுக்குப் பக்கத்திலேயே ‘தவிர்த்தேன்’ என்றொரு பொத்தான் இருக்கிறது. எடுக்காததை எடுத்தேன் என்று அழுத்துவது பொய்யாகும் என்பதால் வாப்பா முதல் இரண்டு இரவும் ‘தவிர்த்தேன்’ என்பதை அழுத்தியிருக்கிறார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் செயலியின் கணக்கில் அதுவும் ஒரு பதில். பதில் வந்துவிட்டதால் அலாரமும் அடிக்கவில்லை, சாச்சாவுக்குச் செய்தியும் போகவில்லை. மறப்பவருக்காகச் செய்யப்பட்ட அந்த ஏற்பாட்டில், மறக்காமலேயே மறுப்பவருக்கு இடமில்லை. மூன்றாம் இரவு எழுந்து போய் அதை அழுத்தவும் மனமில்லாமல் அவர் உட்கார்ந்துவிட்டதால்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

சாச்சா அவரைக் கண்டிக்கவில்லை. அன்றிரவு அங்கேயே தங்கினார். எங்களுக்கு அவர் சொன்னது விடிந்தபின், பஜ்ரு தொழுதுவிட்டு, அதுவும் வாப்பாவின் அனுமதி பெற்று. முன்பகலிலேயே திருநெல்வேலிக்கு அழைத்துப் போனார். மருத்துவர் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்து, நுரையீரலையும் பார்த்து, இதயத்தால் வந்த மூச்சிரைப்பு அல்ல என்று உறுதி செய்த பின்பே மாத்திரையைக் காரணமாகக் கொண்டார். டிகாக்ரெலோர் எடுப்போரில் சிலருக்கு இவ்வாறு மூச்சுத் திணறுவதுண்டு என்றும், பலருக்கு இலேசாக வந்து அடங்கிவிடும் என்றும் சொன்னார். ஆனால் அதற்கஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்துவதே பேராபத்து, ஓரிரு நாளிலேயே அதன் காப்பு விலகத் தொடங்கும் என்று வாப்பாவிடம் சற்றுக் கடுமையாகவே கூறினாராம். பின்னர் குளோபிடோக்ரெலுக்கு மாற்றினார். அது தட்டணுவின் ஆயுள் முழுதும் அதைப் பற்றிக்கொள்ளும் மருந்து, ஆகவே நாளுக்கு ஒரு வேளை போதும். புதிய மாத்திரைக்கு மாறும் முதல் நாளில் எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதை மருத்துவரே எழுதித் தந்தார். சில நாட்களில் மூச்சு இயல்பாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது ‘தவிர்த்தேன்’ என்று அழுத்தினால், எதற்காக என்று வாப்பாவே சாச்சாவிடம் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் இருவருக்குள் உள்ள ஒப்பந்தம். எங்களுக்கு அதில் பங்கில்லை. ஆரம்பத்தில் இது எங்களுக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

இன்னொன்றையும் சாச்சாதான் கண்டுபிடித்தார். கைப்பேசி அணைந்திருந்தால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. எச்சரிக்கையை வாப்பாவின் கைப்பேசியே அனுப்புவதாயிருந்தால், மின்னேற்றம் தீர்ந்த அன்று எச்சரிக்கையும் போகாது. பதில் வராததைக் கண்டு நிறுவனத்தின் கணினி அனுப்புவதாயிருந்தால் மட்டுமே போகும். செயலியின் விளக்கத்தைப் படிப்பதை விட்டுவிட்டுச் சோதித்தே பார்த்தோம். பிற்பகலுக்கு ஒரு பொய் நினைவூட்டலைப் போட்டு, வாப்பாவின் கைப்பேசியை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். குறித்த நேரத்தில் சாச்சாவுக்குச் செய்தி வந்தது.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஜும்ஆவுக்குப் பின், இருவரும் சாச்சா வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். தேநீருக்கு அது ஒரு காரணம் என்பார் சாச்சா. சென்ற மாதச் சோதனையில் செய்தி வரவில்லை. சாச்சாவின் பேரன் அவருக்குப் புதிய கைப்பேசி வாங்கித் தந்திருந்தான், அதில் இந்தச் செயலிக்கு அறிவிப்புக் காட்ட அனுமதி கொடுக்க மறந்திருந்தான். பேரனை அழைத்துச் சரிசெய்து, மறுபடி அணைத்து, அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை உட்கார்ந்து, செய்தி வந்ததைக் கண்ட பிறகே எழுந்து போனார்களாம்.