காணாமல் போன 2

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒர்க் ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். 7, 3, 9, 2, 5 என்று ஐந்து எண்கள். பபிள் சார்ட், இன்சர்ஷன் சார்ட் இரண்டிலும் படிப்படியாக எழுதிக் காட்டணும். கடைசி வரியில் 2, 3, 5, 7, 9 என்று சரியாகத்தான் முடித்திருந்தாள். ஆனாலும் பத்துக்கு மூன்று.

"ஆன்ஸர் கரெக்ட்தானே சித்தி? நடுவுல என்ன எழுதினா என்ன?"

ஐந்து எண்களை வரிசைப்படுத்த யாருக்கும் அல்காரிதம் தேவையில்லை. ஒரு பார்வையில் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. சிக்கலே அங்கேதான். நிரலுக்கு அந்தப் பார்வை கிடையாது. ஒரு நேரத்தில் இரண்டு எண்களை ஒப்பிடும், அவ்வளவுதான். கையால் எழுதும்போது நாமும் மற்ற மூன்றையும் பார்க்காதவர் மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

அவளுடைய பபிள் சார்ட்டில் முதல் சுற்று 3, 7, 2, 9, 5 என்று முடிந்திருந்தது. இது தப்பு என்று கணக்குப் போடாமலே சொல்லிவிடலாம். முதல் சுற்று முடியும்போது பெரிய எண் கடைசியில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். 9 அங்கே இல்லை. எங்கே தவறியது என்று தேடினோம். 9-ஐயும் 2-ஐயும் இடம் மாற்றிவிட்டு, அடுத்ததாக 2-ஐ 5-உடன் ஒப்பிட்டிருக்கிறாள். பழைய வரியில் 2-க்குப் பக்கத்தில்தானே 5 இருந்தது! ஆனால் மாற்றிய பிறகு 5-க்குப் பக்கத்தில் நிற்பது 9. எப்போதும் கடைசியாக எழுதிய வரியைத்தான் பார்க்க வேண்டும்.

```
7 3 9 2 5
3 7 9 2 5
3 7 2 9 5
3 7 2 5 9   முதல் சுற்று
3 2 7 5 9
3 2 5 7 9   இரண்டாம் சுற்று
2 3 5 7 9   மூன்றாம் சுற்று
```

நான்காம் சுற்றில் ஒரே ஒரு ஒப்பீடு, மாற்றம் எதுவும் இல்லை. மொத்தம் 10 ஒப்பீடுகள், 6 இடமாற்றங்கள்.

இன்சர்ஷன் சார்ட்டில் அவள் மாட்டிக்கொண்ட இடம் இன்னும் சுவாரஸ்யமானது. இடப்பக்கம் 3, 7, 9 என்று ஏற்கெனவே ஒழுங்காகிவிட்டது. அடுத்து 2 வருகிறது. அதை `key` என்ற மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, தன்னைவிடப் பெரிய எண்களை ஒவ்வொன்றாக வலப்பக்கம் தள்ள வேண்டும்.

```
3 7 9 2 5   key = 2
3 7 9 9 5
3 7 7 9 5
3 3 7 9 5
2 3 7 9 5
```

"இரண்டு 9 வருது, 2 காணாமப் போச்சு. தப்புன்னு நினைச்சு அடிச்சுட்டேன்" என்றாள். தப்பே இல்லை. நடு வரிகளில் 2 பட்டியலில் இல்லை, கையில் இருக்கிறது. பட்டியலில் இருப்பது 9-இன் நகல். 2-ஐ எடுத்து வைக்காமல் தள்ளியிருந்தால்தான் அது ஒரேயடியாக அழிந்துபோயிருக்கும். கடைசி வரியிலும் ஒரே எண் இரண்டு தடவை நின்றால், `key`-ஐத் திரும்ப வைக்க மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

பிறகு 5-க்கும் இதே வேலை: 9, 7 இரண்டும் நகரும், 3-ஐப் பார்த்ததும் நின்றுவிடும். எத்தனை முறை தள்ளினோம் என்று எண்ணச் சொன்னேன். 3-க்கு ஒன்று, 9-க்கு ஒன்றுமில்லை, 2-க்கு மூன்று, 5-க்கு இரண்டு.

"ஆறு. அட, இங்கயும் ஆறா?"

தற்செயல் இல்லை. முதல் பட்டியலில், பெரியது முன்னாலும் சிறியது பின்னாலும் நிற்கும் ஜோடிகளை எண்ணிப் பாருங்கள்: 7-3, 7-2, 7-5, 3-2, 9-2, 9-5. ஆறு. பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டை இடம் மாற்றினால் இவற்றில் சரியாக ஒரு ஜோடிதான் நேராகும். ஒரு எண்ணை ஒரு இடம் தள்ளினாலும் அப்படித்தான். அதனால் எந்த வழியில் போனாலும் ஆறுக்குக் குறையாது. விடைத்தாளைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. தொடங்கும் முன்பே ஜோடிகளை எண்ணி ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். கடைசியில் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் எங்கோ தாவிவிட்டோம்.

வித்தியாசம் ஒப்பீடுகளில்தான். பபிளுக்கு 10 ஆனது, இன்சர்ஷனுக்கு 1, 1, 3, 3 என்று 8. சரியான இடம் கிடைத்ததும் அது நின்றுவிடுகிறது. அதற்கு இடப்பக்கம் இருப்பவை இன்னும் சிறியவை என்பது ஏற்கெனவே தெரியும். பட்டியல் முழுக்கத் தலைகீழாக இருந்தால் இந்தச் சலுகையும் போய்விடும். ஐந்து எண்களுக்கு இரண்டிலும் 10 ஒப்பீடுகள், 10 நகர்வுகள்.

டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தானுக்காக எழுதிய டிம்சார்ட்டிலும் சின்னத் துண்டுகளுக்கு இன்சர்ஷன் சார்ட்டே வேலை செய்கிறது. ஆனால் அங்கே `key`-இன் இடத்தை ஒவ்வொன்றாகத் தேடாமல், பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவார்கள். அதில் ஒப்பீடுகள் குறையும். தள்ளுவது மட்டும் குறையாது. நம் ஐந்து எண்களை அந்த முறையில் வரிசைப்படுத்தினாலும், ஒவ்வொரு எண்ணும் ஒவ்வோர் இடமாக நகர்ந்து, அதே ஆறு.