காற்றுக்குப் பக்கத்தில் வேகம்

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். கட்டுரைப் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி ஒரு நோட்டை என் மேசையில் வைத்தாள். தொழில்நுட்பம், உடல்நலம், சுற்றுச்சூழல் என மூன்று தலைப்புகளுக்கும் வேண்டிய சொற்களை அகரவரிசையில் அழகாக எழுதி, அத்தனையையும் மனப்பாடம் செய்திருந்தாள். ஆழ்துளைக் கிணறு ‘ஆ’வில் இருந்தது, உவர்நீர் ‘உ’வில், மழைநீர் சேகரிப்பு ‘ம’வில். நிலத்தடி நீரைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒன்றரைப் பக்கத்தில் “நிலத்தடி நீர் குறைகிறது” என்று ஐந்து இடத்தில் எழுதியிருந்தாள்.

“சொல்லெல்லாம் தெரியுதுங்கம்மா. எழுதும்போதுதான் ஒண்ணுகூட வர மாட்டேங்குது” என்றாள். பிறகு, “இப்படி அ, ஆன்னு வரிசையா எழுதணும்னு முதல்ல யாருங்கம்மா சொன்னது?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

‘அகராதி’ என்ற பெயரோடு தமிழில் முதலில் வந்தது 1594இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு. அதிலும் சொல்லின் முதலெழுத்துக்கு மட்டுமே வரிசை உண்டு. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் வந்தது. அப்படியானால் அதற்கு முன் பல நூற்றாண்டுகள் தமிழ் படித்தவர்கள் சொற்களை எப்படிச் சேர்த்து வைத்திருந்தார்கள்? பொருளை வைத்துத்தான். இன்று கிடைக்கும் நிகண்டுகளில் பழையதான திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாக இருக்கிறது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று பத்துத் தொகுதிகள் உலகத்தையே வகுக்கின்றன. மீதி இரண்டில் பல பொருள் தரும் ஒரு சொல்லும், ஐம்பொறி, மூவேந்தர் போன்ற தொகைப் பெயர்களும் வருகின்றன. மனிதன் கையால் செய்தவற்றுக்கு ‘செயற்கை வடிவம்’ என்று தனித் தொகுதி வைத்திருப்பதைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை. என் மாணவி தொழில்நுட்பம் என்று தலைப்பிட்டு எழுதியவற்றுக்கெல்லாம் அங்கேதான் இடம்.

அடுத்து பிங்கலத்தை எடுத்தேன். அதில் பத்து வகை, முதலில் நிற்பது வான்வகை. ஒரே உலகத்தை இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகப் பிரித்திருக்கிறார்கள். அகரவரிசையை யார் எழுதினாலும் அது ஒன்றுபோலவே அமையும். பொருள்வரிசைக்கு மட்டும் தொகுப்பவர் எதை எதன் பக்கத்தில் வைப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

இந்த முறை ஆங்கிலத்தில் எப்படி அமைந்தது என்று பார்க்க ரோஜேவின் தெசாரஸைத் தேடினேன். பீட்டர் மார்க் ரோஜே ஒரு மருத்துவர். 1805இல் தனக்கென்று ஒரு சிறு பட்டியல் போடத் தொடங்கியவர், 1852இல், எழுபத்து மூன்றாவது வயதில், ஆயிரம் தலைப்புகளாக அதை அச்சிட்டார். முன்னுரையில் தமக்கு முன் இப்படி முயன்ற நூல்களைச் சொல்லும்போது, மிகப் பழையதென்று அவர் காட்டுவது சமஸ்கிருத அமரகோசத்தை. செராம்பூரில் 1808இல் அச்சான கோல்புரூக்கின் பதிப்பு அவர் பார்வைக்கு வந்திருக்கிறது. ஆனால் அதன் பகுப்பு குழப்பமானது என்று குறை சொல்கிறார். சொர்க்கம், தேவர், அசுரர், தீ, காற்று, வேகம், நித்தியம், மிகுதி எல்லாம் முதல் பிரிவில் ஒன்றாகக் கிடப்பதை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார்.

அது குழப்பம்தானா என்று அந்த முதல் பிரிவான சொர்க்க வர்க்கத்தை வரிசையாகப் படித்தேன். தேவர்களைச் சொல்லிக்கொண்டு வரும் இடத்தில் வாயு வருகிறான். வாயு என்றதும் காற்றின் பெயர்கள், பிராணன் முதலான உடற்காற்றுகள், காற்றின் இயல்பான வேகம், அதன் பிறகு ‘விரைவாக’, ‘இடைவிடாமல்’, ‘மிகுதியாக’. முதலில் காற்று என்ற பெயர், அடுத்து அது செய்வது, அதற்கடுத்து எப்படிச் செய்கிறது என்பது. ரோஜே குழப்பம் என்று சொன்ன இந்த இடம்தான் எனக்கு விடையாக இருந்தது. எழுதுகிறவருக்கு வேண்டியது இப்படிப்பட்ட சங்கிலி. ‘காற்று’ என்று எழுதிய கைக்கு அடுத்து ‘வீசும்’ வேண்டும்.

ரோஜேவிடமும் எடுத்துக்கொள்ள ஒன்று இருந்தது. அவர் எதிரெதிர்க் கருத்துகளைப் பக்கத்தில் இரண்டு பத்திகளாக நிறுத்தினார். நலத்துக்கு எதிரே நோய், குணமாவதற்கு எதிரே நோய் திரும்புவது, மருந்துக்கு எதிரே கேடு. உடல்நலக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் நோய் வந்தது, மருந்து சாப்பிட்டார், சரியானது என்று மூன்று படியில் முடித்துவிடுகிறார்கள். பக்கத்துப் பத்தி கண்ணில் பட்டால், தணிந்த நோய் திரும்பவும் கூடும், முற்றவும் கூடும் என்பது நினைவுக்கு வரும்.

மறுவாரம் மாணவியை உட்கார வைத்து ‘நிலத்தடி நீர்’ என்பதை மட்டும் எடுத்தோம். “உங்க தோட்டத்துல என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டேன். ஊற்று, கிணறு, போர், நீர்மட்டம் என்று பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று அடுத்துக் கேட்டேன். ஊற்று சுரக்கும், அடைபடும், வறளும். மட்டம் ஏறும், இறங்கும். கிணறு ஊறும், வற்றும். தண்ணீர் உவர்க்கும். ‘குறைகிறது’ ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தவள் பத்து நிமிடத்தில் எட்டு வினை சொல்லிவிட்டாள். எதனால் என்றதற்கு, “போர் ஆயிரம் அடிக்கு இறக்கிட்டாங்க, குளத்துக்கு வர்ற வாய்க்கால் தூர்ந்துபோச்சு, வாசலெல்லாம் சிமெண்ட் போட்டுட்டோம்” என்றாள். எதிர்ப்பத்தியில் தூர்வாருதல், மழைநீரை இறக்கும் உறிஞ்சுகுழி, செறிவூட்டல். மூன்றாவது சொல் அவளுடைய பழைய நோட்டில் ‘செ’வில் ஏற்கனவே இருந்தது. ஆனால் அது எதற்கான சொல் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இந்த முறையில் ஒரு கண்ணி உண்டு, அதில் நாங்களும் விழுந்தோம். ஒரே தலைப்பின் கீழ் நிற்பவை எல்லாம் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று தோன்றிவிடும். உடல்நலம், ஆரோக்கியம், சுகாதாரம் மூன்றையும் சேர்த்து எழுதியிருந்தோம். அவள் “தாத்தாவின் சுகாதாரம் கெட்டது” என்று எழுதி வந்தாள். தாத்தாவுக்குக் கெடுவது உடல்நலம். சுகாதாரம் தெருவுக்கும் ஊருக்கும் உரியது, அது ‘சீர்கெடும்’. ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய ஆளோடும் வினையோடும் ஒரு முழு வாக்கியத்தில் வைத்து உரக்கப் படித்தால் பொருந்தாதது காதில் இடறும். அன்று முதல் தனிச் சொல்லை நோட்டில் ஏற்றுவதில்லை.

இன்னொரு குறை, தேடுவது. எந்தத் தலைப்பில் வைத்தோம் என்று மறந்துபோனால் சொல் அகப்படாது. பழைய திண்ணைப் பள்ளிகளில் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டை விருத்தமாகப் பாடி நெட்டுருச் செய்தார்கள். அவர்களுக்கு நினைவே அட்டவணை. அந்த நூலின் பதினோராம் தொகுதியில், பல பொருள் தரும் சொற்களை இரண்டாம் எழுத்தின் எதுகைப்படி அடுக்கியிருக்கிறார் ஆசிரியர். பொருளால் கட்ட முடியாத இடத்தில் ஓசையைக் கயிறாக்கிக்கொண்டார். ரோஜே புத்தகத்தின் கடைசியில் அகரவரிசை அட்டவணை சேர்த்தார். வீரமாமுனிவரோ பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வாசல் வைத்தார். சொல்லிலிருந்து பொருளுக்கும் போகலாம், பொருளிலிருந்து சொல்லுக்கும் வரலாம். அகரவரிசை வந்து நிகண்டைத் துரத்திவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சதுரகராதியின் பொருளகராதியைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

மாணவி தன் பழைய நோட்டைத் தூக்கிப் போடவில்லை. புதிய நோட்டின் பக்கங்களுக்கு எண் போட்டு, பழைய பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அந்த எண்ணை எழுதிக்கொண்டிருக்கிறாள். ‘ஊற்று’க்கு எதிரே 4 என்று இருக்கிறது. ‘மின்கலம்’ இன்னும் காலியாக நிற்கிறது. அதற்கு சார்ஜ் ஏறும், இறங்கும் என்று எழுதலாமா, வேறு தமிழ் வினை உண்டா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.