நாற்பதில் ஒன்று குறைந்தது

எங்கள் வார்டில் மருந்து அலர்ஜி உள்ள எல்லோருக்கும் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்ட வேண்டும். ஒருவர்கூட விடுபடக் கூடாது. 100 சதவிகிதம் என்பதுதான் விதி. 40 நோயாளிகளிடம் அதை ஆடிட் செய்தோம். 'ஆம்', 'இல்லை', 'பொருந்தாது' என்று டிக் போட்ட 40 தாள்களையும் அட்டவணையாக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நைட் டூட்டி களைப்பு வேறு. அலர்ஜியே இல்லாதவர்களின் 'பொருந்தாது' டிக்கையும் 'ஆம்' கணக்கில் சேர்த்துவிட்டேன். 95 சதவிகிதம் வந்தது! சந்தோஷமாக சீனியர் சிஸ்டரிடம் காட்டினேன்.

"இதுல அலர்ஜி உள்ளவங்க எத்தனை பேரும்மா?" என்றார். விழித்தேன்.

மறுபடி எக்செல்லைத் திறந்து, ஒரு நோயாளிக்கு ஒரு வரி என்று Y, N, NA மட்டும் போட்டேன். ஆம் 6, இல்லை 1, பொருந்தாது 32. கூட்டினால் 39தான் வருகிறது. ஒரு தாளில் டிக்கே இல்லை. அதை நிரப்பிய ஜூனியரைக் கேட்டேன்.

"கேஸ் ஷீட்ல சல்ஃபா அலர்ஜின்னு இருந்துச்சுக்கா, கையில பட்டை இல்ல. உங்ககிட்ட கேட்டுட்டு டிக் பண்ணலாம்னு விட்டேன், மறந்துட்டேன்."

கேஸ் ஷீட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு 'இல்லை'யில் சேர்த்தேன். 'பொருந்தாது' வகையினரை வகுக்கும் எண்ணிலிருந்தே எடுத்துவிட்டேன்:

```
=COUNTIF(C2:C41,"Y")/(COUNTIF(C2:C41,"Y")+COUNTIF(C2:C41,"N"))
```

75 சதவிகிதம். பக்கத்திலேயே 6/8 என்றும் எழுதினேன். எட்டே பேர் என்பதால் ஒருவர் மாறினாலும் 12.5 சதவிகிதம் ஏறி இறங்கும். படிப்பவர்களுக்கு அது தெரிய வேண்டுமே.

டிக் விடுபட்ட அந்தப் பெரியவர் அன்றும் வார்டில்தான் இருந்தார். அட்டவணையை அப்படியே வைத்துவிட்டு, சிவப்புப் பட்டையோடு அவர் படுக்கைக்கு ஓடினேன்.